கடைசி வரியில் நிற்கும் ‘கூடாது’

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உயரத்தில் வேலை செய்வோருக்கான பாதுகாப்பு வகுப்பு ஒன்றின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள். திரையில் ஓடிய தமிழ் வில்லைகள், அதாவது ஸ்லைடுகள், நான் மொழிபெயர்த்தவை. பாதுகாப்புக் கயிற்றின் இரண்டு கொக்கிகளை மாட்டுவது பற்றிய ஏழாவது ஸ்லைடு வந்தபோது அதன் கடைசிப் புள்ளி இப்படி முடிந்திருந்தது: “இரண்டாவது கொக்கி இணைக்கப்படாத நிலையில் முதல் கொக்கியை எக்காரணம் கொண்டும் கழற்றக்”. அதற்கு அடுத்த சொல்லான ‘கூடாது’ கீழே இறங்கி, ஸ்லைடின் அடியில் இருந்த கருநீலப் பட்டையின் மேல் கறுப்பு எழுத்தாக விழுந்து மறைந்துபோயிருந்தது.

பயிற்றுநர் அனுபவசாலி, அவர் வாயால் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஸ்லைடை அச்சிட்ட தாளாக மட்டும் கையில் வாங்கிய ஒருவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை. தமிழில் ஸ்லைடுகளை எழுதுவோருக்கு ஏற்படும் இடர்கள் பலவும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கின்றன என்பதால், அதையே பிடித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

முதல் காரணம் தமிழ்த் தொடரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘செய்யாதே’ என்னும் பொருள் வாக்கியத்தின் முதலிரு சொற்களிலேயே வந்துவிடும். பெட்டிக்குள் இடம் போதாமல் வால் அறுந்தாலும், தடை தப்பித்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. எதிர்மறையும் அதனோடு ஒட்டிக் கடைசியில்தான் நிற்கிறது. ‘கூடாது’, ‘வேண்டாம்’, ‘இல்லை’, ‘தவிர்க்கவும்’ ஆகிய அனைத்தும் வரியின் ஓரத்தில் காத்திருக்கும் சொற்கள். ஆகவே தமிழ்ப் பெட்டி நிரம்பி வழியும்போது முதலில் பலியாவது பெரும்பாலும் தொடரின் மிக முக்கியமான சொல்லே. அறுந்துபோன இடத்தை அடையாளம் காண ஒரே ஒரு தடயம் இருந்தது: ‘கழற்றக்’ என்பதன் இறுதியில் தொங்கிய ‘க்’. அடுத்து ஒரு ககரச் சொல் வரவேண்டும் என்று அந்த ஒற்று சொல்கிறது. தமிழை நிறுத்திப் படிப்பவர் அதைக் கவனிப்பார். பத்து நொடியில் திரையிலிருந்து மறைந்துவிடும் வரியைப் படிப்பவர் கவனிக்கமாட்டார். இப்போதெல்லாம் ஒரு கோப்பைச் சரிபார்க்கும்போது, க், ச், த், ப் என்ற நான்கு ஒற்றுகளில் ஏதேனும் ஒன்றோடு ஒரு பெட்டி முடிகிறதா என்று முதலில் தேடுகிறேன். அப்படி முடிந்தால், ஒன்று சொல் மறைந்திருக்கிறது, அல்லது யாரோ வரியை வெட்டிவிட்டு ஒற்றை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது காரணம் எழுத்துரு. என் கணினியில் அந்த வரி முழுமையாகப் பெட்டிக்குள் நின்றது. நான் பயன்படுத்தியது Vijaya. அந்த எழுத்துருவில், ஒரே புள்ளி அளவிலேயே, எழுத்துகள் மற்றத் தமிழ் எழுத்துருக்களைவிடச் சிறியவையாகத் தெரியும். அளவுப் பெட்டியில் 24 என்று இருந்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இடம் மிச்சப்படுகிறதே என்று நான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். வகுப்பறைக் கணினியில் அது இல்லை. விண்டோஸ் 10 வந்தபோது Vijaya, Latha ஆகியவை தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. எல்லாக் கணினியிலும் இயல்பாக இருப்பது Nirmala UI. எனவே வகுப்பறைக் கணினி தானாக வேறோர் எழுத்துருவுக்கு மாறியது, எழுத்துகள் பெரிதாகின, வரி ஒன்று கூடியது. எழுத்துருவின் சிறிய உருவத்தால் கிடைக்கும் இடம் கடன் வாங்கிய இடம்தான். கோப்பு இன்னொரு கணினிக்குப் போன நாளில் அது திரும்பிப் போய்விடும்.

இதே வகையான இன்னொரு கடன், பெட்டிக்கு ஏற்ப எழுத்தைத் தானாகச் சுருக்கும் வசதி. ஆங்கில ஸ்லைடின் மேல் தமிழை ஒட்டும்போது பவர்பாயிண்ட் சொல்லாமல் கொள்ளாமல் எழுத்தைச் சுருக்கிவிடும். பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பு என்பதால், அதைப் பிரித்து ஸ்லைடின் எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் இப்படி ஒரு வரியைக் காணலாம்:

```xml
<a:normAutofit fontScale="62500" lnSpcReduction="20000"/>
```

எழுத்து 62.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, வரிகளுக்கு இடையிலான இடைவெளி 20 விழுக்காடு குறைக்கப்பட்டது என்பது இதன் பொருள். 28 புள்ளியில் வடிவமைக்கப்பட்ட உரை 17.5 புள்ளிக்கு இறங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு அது சிரமம். தமிழுக்கு அதைவிடக் கூடுதல். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகர ஊகாரக் கால்களும் இருக்கின்றன. இடைவெளியைக் குறைத்தால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘க்’ என்பதன் புள்ளியைத் தொடும். பின்வரிசையில் இருப்பவருக்குப் புள்ளி தெரியாவிட்டால், ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒன்றாகிவிடும். நான் உடலுரைக்கு 24 புள்ளிக்குக் கீழே போவதில்லை. வரி இடைவெளியை 100 விழுக்காட்டுக்குக் கீழே விடுவதில்லை. வழக்கமான அலுவலக வார்ப்புருக்களில் அது 90 விழுக்காடாகவே வருகிறது, ஆகவே அதை முதலிலேயே மாற்றிவிட வேண்டும்.

இப்படி எழுத்தையும் இடைவெளியையும் தொடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டால், இடத்தைத் தொடரின் அமைப்பிலிருந்துதான் எடுக்க முடியும். தமிழில் அதற்கு நிறையவே வாய்ப்பு இருக்கிறது. என் பழைய வரியை மறுபடி பாருங்கள். ‘இணைக்கப்படாத நிலையில்’ என்பது செயப்பாட்டு வினையும் ‘நிலையில்’ என்ற தேவையற்ற முட்டும் சேர்ந்தது. ‘எக்காரணம் கொண்டும்’ என்பது அழுத்தம் தருவதற்காகச் சேர்த்தது. ஸ்லைடில் அழுத்தத்தை நிறமும் படமும் தருகின்றன. இவற்றைவிட ஆழமான சிக்கல், ஆங்கிலத்தில் ‘இது நடக்காதவரை அதைச் செய்யாதே’ என்றிருந்த இரட்டை எதிர்மறையை நான் அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தது. சாரத்தின் மேல் நிற்பவருக்குத் தேவைப்படுவது வரிசை: முதலில் எது, பிறகு எது. தமிழின் வினையெச்சமும் ‘பிறகு’ என்ற சொல்லும் வரிசையைச் சொல்வதற்கென்றே அமைந்தவை. எனவே மாற்றி எழுதினேன்: “இரண்டாவது கொக்கியை மாட்டிய பிறகே முதல் கொக்கியைக் கழற்றவும்.” பத்துச் சொற்கள் ஏழாகக் குறைந்தன. அதைவிட மேலான பயன், தொடரில் எதிர்மறையே இல்லாமல் போனது. வால் அறுந்தாலும் பொருள் தலைகீழாகாது. ‘பிறகே’ என்பதில் உள்ள ஏகாரம் தடையின் வேலையைச் செய்துவிடுகிறது.

எல்லாத் தடைகளையும் இப்படித் திருப்பிவிட முடியாது. கொக்கியை மாட்டும் உறுதியான பிடிப்பிடம்தான் ஆங்கர். ‘ஆங்கராகக் குழாயைப் பயன்படுத்தக் கூடாது’ என்பதற்கு நேர்மறை வடிவம் எழுதினால் அது வேறு பொருளாகிவிடும். அத்தகைய தடைகளையெல்லாம் திரட்டி ஒரே ஸ்லைடில் வைத்து, தலைப்பில் ‘செய்யக் கூடாதவை’ என்று எழுதி, ஒவ்வொரு வரியின் முன்னும் சிவப்புப் பெருக்கல் குறி இடுவது என் வழக்கம். அப்போது வரிகள் ‘குழாயில் மாட்டுவது’, ‘கிழிந்த ஹார்னஸை அணிவது’ என்று தொழிற்பெயராகவே முடியும். தடை தலைப்பில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த ஸ்லைடில் ஒரு நேர்மறை வரிகூடக் கலக்கக் கூடாது. கலந்தால், அந்த வரியும் தடையாகப் படிக்கப்படும்.

இனித் தொழில்நுட்பச் சொற்கள். எதைத் தமிழாக்குவது, எதை ஒலிபெயர்ப்பது என்ற விவாதம் நம்மிடம் பெரும்பாலும் மொழிப்பற்றின் தளத்திலேயே நடக்கிறது. ஸ்லைடைப் பொறுத்தவரை எனக்குப் பயன்பட்ட கேள்வி வேறு: வகுப்பை விட்டு வெளியே போனதும் இந்தச் சொல்லை இவர் எங்கே சந்திக்கப் போகிறார்? கருவியின் சீட்டிலும் பணி அனுமதிப் படிவத்திலும் மேற்பார்வையாளரின் வாயிலும் ஒரு சொல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றால், ஸ்லைடில் அது அந்த ஒலியோடு இருக்க வேண்டும். உடலில் அணியும் பட்டைக் கச்சையான ஹார்னஸ், அதை ஆங்கரோடு இணைக்கும் கயிறான லேன்யார்ட், ஆங்கர், பெர்மிட் ஆகியவை அத்தகையவை. சிங்கப்பூரில் 2013இல் வந்த உயரப் பணி விதிமுறைகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய அபாயமுள்ள வேலைக்குப் பணி அனுமதி தேவை. அந்தப் படிவத்தைத் தளத்தில் எல்லா மொழியினரும் ‘பெர்மிட்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். அங்கே ‘பணி அனுமதிச் சீட்டு’ என்று மட்டும் எழுதினால், படித்தவருக்குப் பொருள் தெரியும், ஆனால் கையில் இருக்கும் தாள்தான் அது என்று தெரியாது. முதல் முறை வரும்போது “பெர்மிட் (பணி அனுமதி)” என்று எழுதிவிட்டு, பிறகு பெர்மிட் என்றே தொடர்வது போதும்.

ஆங்கரை நான் ஒருமுறை ‘நங்கூரப் புள்ளி’ என்று எழுதியிருந்தேன். அகராதி அதைத்தான் சொன்னது. வகுப்பில் ஒருவர் கையைத் தூக்கி, “அண்ணே, இது கப்பல்ல வேலை செய்றவங்களுக்கு மட்டுமா?” என்று கேட்டார். அவர் அருகில் உண்மையிலேயே கப்பல் பட்டறைக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நங்கூரம் என்பது அன்றாடம் கண்ணில் படும் பொருள். கேள்வி முற்றிலும் நியாயமானது. தவறு சொல்லைத் தேர்ந்த என்னுடையது.

மறுபக்கம், நல்ல தமிழ்ச்சொல் புழக்கத்தில் இருக்கும்போது ஒலிபெயர்ப்புக்குப் போவதும் தவறே. சாரம், கொக்கி, விளிம்பு, ஏணி ஆகியவற்றுக்கு மாற்று எதற்கு? சிங்கப்பூர்த் தமிழில் ‘வேலையிடம்’ என்றும் தமிழகத்தில் ‘பணியிடம்’ என்றும் சொல்வார்கள். இரண்டில் ‘வேலையிடம்’ இருதரப்புக்கும் புரிவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைக் குறிக்கும் ‘வீவக’, மத்திய சேம நிதியைக் குறிக்கும் ‘மசேநி’ போன்ற சுருக்கங்கள் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு எவ்வளவு இயல்பானவையோ, போன மாதம் திருச்சியிலிருந்து வந்திறங்கியவருக்கு அவ்வளவு அந்நியமானவை. இடம் மிச்சமாகிறது என்பதற்காக அத்தகைய சுருக்கங்களை இந்த வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது.

ஒலிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டால் அதன் எழுத்துக்கூட்டலை ஒன்றாக வைத்திருக்க வேண்டும். ஒரே தொகுப்பில் லேன்யார்ட், லேனியார்டு, லான்யார்ட் என்று மூன்று விதமாக வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்துக்கூட்டித் தயங்கிப் படிப்பவருக்கு அவை மூன்று கருவிகள். தேடித் திருத்தும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ‘லேன்யார்ட்’ என்று கடைசிப் புள்ளியோடு தேடினால் ‘லேன்யார்டை’, ‘லேன்யார்டில்’ ஆகியவை அகப்படமாட்டா, ஏனெனில் வேற்றுமை உருபு சேரும்போது அந்தப் புள்ளி இருந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘லேன்யார்ட’ என்று தேடினால் எல்லாம் கிடைக்கும்.

மிகவும் சிரமம் தருபவை மூன்றாவது வகை: கருவியிலும் எழுதப்படாத, தமிழிலும் வழக்கில் இல்லாத கருத்துகள். என் தொகுப்பில் அப்படி ஒன்று இருந்தது. விழுபவர் தரையில் மோதாமல் தடுக்கப்படுவதற்கு, ஆங்கருக்குக் கீழே எவ்வளவு தூரம் காலியாக இருக்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ‘வீழ்ச்சி இடைவெளி’ என்று முதலில் எழுதினேன், இப்படி: “உயரத்தில் மேற்கொள்ளப்படும் பணியினைத் தொடங்குவதற்கு முன்னர் போதுமான வீழ்ச்சி இடைவெளி இருப்பதனை உறுதிப்படுத்திக்கொள்ளவும்.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் விலைக்கும் ஆட்சிக்கும் வீழ்ச்சி வரும், மனிதன் விழுவான். இடைவெளி எதற்கும் எதற்கும் இடையே என்றும் அந்தத் தொடர் சொல்லவில்லை. படித்தவர் அளக்க வேண்டியது என்ன என்பதே தெரியாமல், ‘உறுதிப்படுத்திக்கொள்ள’ எதுவும் இல்லை.

இத்தகைய கருத்துக்குப் பெயர் தேடி நேரத்தைச் செலவிடுவதைவிட, அதைக் கணக்காகவே ஸ்லைடில் வைப்பது நல்லது என்று பின்னர் கண்டுகொண்டேன். கணக்கு எளியது. அதிர்வு தாங்கி பொருத்திய லேன்யார்டின் நீளம் 2 மீட்டர். விழும்போது அந்தத் தாங்கி கிழிந்து விரியக்கூடிய நீளம் 1.75 மீட்டர்; ஹார்னஸின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், அதற்குமேல் பாதுகாப்புக்காக விடும் தூரம் 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். முதல் இரண்டு எண்களும் ஐரோப்பியத் தரமான இஎன் 355 அனுமதிக்கும் உச்ச அளவுகள். கையில் இருக்கும் கருவியின் சீட்டில் வேறு எண் இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம் ஸ்லைடில் விடுபடவே கூடாத ஒன்று, ஏனெனில் ஸ்லைடில் பார்த்த எண் மனத்தில் சட்டமாகப் பதிந்துவிடும்.

புதிய ஸ்லைடின் தலைப்பு: “தரையில் மோதாமல் இருக்க 6.25 மீட்டர்”. அதன் கீழே ஒரு மனிதர் தொங்கும் படம், படத்தின் பக்கத்தில் மேலிருந்து கீழாக நான்கு குறிப்புகள்: “லேன்யார்ட் 2 மீ”, “தாங்கி விரிவது 1.75 மீ”, “வளையம் முதல் பாதம் வரை 1.5 மீ”, “கூடுதல் பாதுகாப்பு 1 மீ”. அடியில் இரண்டு வரிகள்: “ஆங்கரிலிருந்து தரை வரை அளக்கவும். குறைந்தால் வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரிடம் சொல்லவும்.” ஓரத்தில் ஒரு சிறு பெட்டியில்: “உங்கள் லேன்யார்டின் சீட்டில் உள்ள எண்ணே சரி.” குறிப்புகளைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிடாமல் தனி உரைப் பெட்டிகளாக வைத்தேன், படத்துக்குள் போன எழுத்தை அடுத்த ஆண்டு யாராலும் திருத்த முடியாது. ஏவலுக்கு ‘அளக்கவும்’, ‘சொல்லவும்’ என்ற அறிவிப்புப் பலகை வடிவத்தையே எடுத்தேன். ‘அளந்து பாருங்கள்’ என்பது இன்னும் இதமானது. ஆனால் அந்த இதத்தைப் பயிற்றுநரின் குரல் தந்துவிடும்.

ஸ்லைடில் இடமில்லாதது பேச்சாளர் குறிப்புப் பகுதிக்குப் போகிறது. இந்தக் கணக்கின் முழுப்பொருளும் அங்கேதான் விளங்குகிறது. 5 மீட்டர் உயரமுள்ள தளத்தில் நிற்பவர், தன் காலடி மட்டத்தில் உள்ள ஆங்கரில் கொக்கியை மாட்டினால், ஆங்கருக்குக் கீழே இருப்பது 5 மீட்டர் மட்டுமே, தேவை 6.25. ஹார்னஸும் லேன்யார்டும் போட்டிருந்தும் அவர் தரையில் மோதக்கூடும். அதே தளத்தில், பாதத்துக்கு 2 மீட்டர் மேலே உள்ள ஆங்கரில் மாட்டினால், 7 மீட்டர் கிடைக்கிறது. இதைப் பயிற்றுநர் வாய்விட்டுச் சொல்லும் நடையில் குறிப்புப் பகுதியில் எழுதிக் கொடுத்தேன். மூல ஸ்லைடில் இருந்த எந்தத் தகவலும் இரண்டு இடங்களில் ஒன்றிலாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். இடம் போதவில்லை என்று ஒரு தகவலை இரண்டு இடத்திலும் விட்டுவிடுவது மொழிபெயர்ப்பாகாது.

முடித்த பிறகு, கோப்பை வகுப்பறைக் கணினியிலேயே திறந்து முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் கடைசி வரியை மட்டும் படித்தேன். அங்கே வினைமுற்று இருந்தால் பெட்டி முழுமையாக இருக்கிறது என்று பொருள். பிறகு, எழுத்துரு மாறினாலும் தோற்றம் மாறாதபடி ஒரு பிடிஎஃப் நகலையும் எடுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன், சாரத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த ஒருவரிடம் ஏழாவது ஸ்லைடைக் காட்டி, இரட்டை வால் லேன்யார்டைக் கையில் கொடுத்து, படித்தபடி செய்துகாட்டச் சொன்னேன். “இரண்டாவது கொக்கியை மாட்டிய பிறகே முதல் கொக்கியைக் கழற்றவும்” என்று படித்தவர், சற்று நேரம் லேன்யார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல மூணு கொக்கி இருக்கே தம்பி. முதுகுல மாட்டுற இந்தச் சின்னதும் கொக்கிதான். எது முதல்?” என்றார். சிறிய கொக்கியை முதல் கொக்கி என்று ஒருவர் எடுத்துக்கொண்டால், அதைக் கழற்றிய கணமே அவர் எதிலும் இணைக்கப்படாதவராகிவிடுவார். தளத்தில் அவர்கள் மற்ற இரண்டையும் ‘பெரிய கொக்கி’ என்கிறார்கள் என்றும், ஏறும்போது முதலாவது இரண்டாவது என்று நிலையாக எதுவும் இல்லை, இரண்டும் மாறி மாறி வரும் என்றும் அவர்தான் சொன்னார். அங்கேயே நின்று திருத்தினேன். இப்போது அந்த ஸ்லைடில் இருப்பது இது: “ஒரு பெரிய கொக்கியை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றவும்.”